சராசரியைக் கெடுத்த இரண்டு வரிகள்

திருச்சியை அடுத்த மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கு நெல் வாங்குகிறவர் முதலில் பார்ப்பது ஈரப்பதம். பல மாதங்கள் மூட்டையில் கிடக்க வேண்டிய நெல்லில் ஈரம் 14 சதவீதத்தைத் தாண்டினால் சூடேறும், பூஞ்சணம் பிடிக்கும்.

கணக்குக்காக, ஒரு வியாபாரிக்கு மண்ணச்சநல்லூரிலும் லால்குடியிலும் கிளைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மண்ணச்சநல்லூர்க் கிளையில் ஒரு நாள் ஐந்து லோடு நெல் வருகிறது. ஈரம் முறையே 14, 15, 16, 14, 16 சதவீதம். கூட்டினால் 75; சராசரி 15. லால்குடியின் சராசரி 14.

இந்த எண்களைக் கணிப்பொறியின் எக்செல் தாளில் இருவர் பதிகிறார்கள். ஒருவர் 14 என்று மட்டும் அடிக்கிறார். தாளில் 14 என்ற எண்ணே சேமிக்கப்படுகிறது. மற்றவர் 15% என்று குறியோடு அடிக்கிறார். திரையில் 15% என்றே தெரிகிறது; உள்ளே இருப்பதோ 0.15. சதவீதம் என்றால் நூற்றுக்கு இவ்வளவு என்பதுதானே! கணிப்பொறி செய்தது சரிதான். ஆனால் ஒரே பத்தியில் இரண்டு அளவுகோல்கள் கலந்துவிட்டன.

இரண்டாவது, நான்காவது வரிகள் இப்படிப் பதிவானால் கூட்டல் என்ன ஆகும்? 14 + 0.15 + 16 + 0.14 + 16 = 46.29. ஐந்தால் வகுத்தால் 9.26. லால்குடியைவிட ஈரமான நெல், ஏட்டில் அதைவிட உலர்ந்ததாகிவிட்டது! இதை நம்பினால் 16 சதவீத ஈரமுள்ள நெல் காயாமலே கிடங்குக்குப் போகும்.

விடை 0.15 என்றோ 1500 என்றோ வந்திருந்தால் யாரும் ஏமாறமாட்டார்கள். 9.26 நம்பும்படியாக இருப்பதுதான் ஆபத்து. சராசரியை ஏதாவது ஓர் எண்ணால் பெருக்கிச் சரிசெய்யலாமா? முடியாது. எத்தனை வரிகள் பின்னமாக உள்ளன என்பதைப் பொறுத்துப் பிழையின் அளவு மாறும். ஆகவே வரி வரியாகத்தான் திருத்த வேண்டும்.

கண்டுபிடிப்பது எளிது. பத்தி முழுவதையும் தேர்ந்து, சதவீத வடிவத்துக்கு மாற்றுங்கள். 0.15 இருந்த இடம் 15% என்றே நிற்கும். 14 இருந்த இடம் 1400% என்று காட்டும். அல்லது மிகச் சிறிய எண்ணையும் மிகப் பெரிய எண்ணையும் பாருங்கள். 0.14, 16: ஏறத்தாழ நூறு மடங்கு வேறுபாடு.

நெல்லின் ஈரம் 1 சதவீதத்துக்குக் கீழே போவதில்லை. எனவே ஈரப்பதம் B பத்தியில் இருந்தால், பக்கத்துப் பத்தியில் இதை எழுதிக் கடைசி வரி வரை இழுத்து, அந்தப் புதிய பத்தியைச் சராசரி எடுக்கலாம்:

```
=IF(B2<1,B2*100,B2)
```

கல், தூசி போன்ற கலப்புக்கு இந்த விதி உதவாது. அங்கே 0.6 என்பது அரை சதவீதத்துக்குச் சற்று மேலான உண்மையான அளவாகவே இருக்கலாம். சூத்திரம் அதை 60 ஆக்கிவிடும். அத்தகைய வரிகளுக்கு எடைச்சீட்டை எடுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.