உஷார்! அந்த மாத்திரையை இடிக்காதீர்கள்

வீட்டில் மாத்திரை விழுங்க முடியாத பெரியவர் இருக்கிறாரா? உரலும் கரண்டியும் எடுத்து மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கிறீர்களா? அடுத்த வேளை மருந்துக்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். பாசத்தோடு இடித்துக் கொடுத்த ஒரு மாத்திரையால் என் அத்தையை இழந்திருப்போம்.

நான் சேலத்தில் மருந்துக்கடை கவுண்ட்டரில் நிற்பவன். அத்தையும் மாமாவும் இருப்பது ஏற்காட்டுக்கு மேலே, நாகலூர் பக்கம். அத்தைக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, விழுங்குவதும் சிரமமாகிவிட்டது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷருக்கு அம்லோடிபின், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வீடு தேடி வந்துகொண்டிருந்தன. மாமா இரண்டையும் மிளகு இடிக்கிற சின்ன உரலில் போட்டுப் பொடித்து, மலைவாழைப்பழத்தில் பிசைந்து ஊட்டுவார். பல மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. ஆபத்து அங்கேதான் ஆரம்பித்தது. மாத்திரை என்றால் இடிக்கலாம் என்று மாமா முடிவு கட்டிவிட்டார்.

அப்புறம் பிரஷர் அடங்கவில்லை என்று கீழே ஒரு தனியார் டாக்டரிடம் காட்டினார்கள். அவர் அம்லோடிபினை நிறுத்திவிட்டு நிஃபெடிபின் ரிடார்ட் 20 மி.கி. காலை, இரவு என்று எழுதினார். மெட்ஃபார்மின் அதே பெயரில்தான் இருந்தது, கூடவே எஸ்.ஆர். என்று இரண்டு எழுத்து சேர்ந்திருந்தது. வயிற்றுக்கு பான்டோபிரசோல். இடித்துத்தான் கொடுக்கிறோம் என்று மாமா சொல்லவில்லை, டாக்டரும் கேட்கவில்லை.

நான் போயிருந்த அன்று காலை எட்டரைக்கு மருந்து கொடுத்தார்கள். ஒன்பது மணிக்கு அத்தையின் முகம் சிவந்தது. ஒன்பதேகாலுக்கு நெற்றியெல்லாம் வேர்வை, கண் சொருகியது. பிரஷர் மெஷினைச் சுற்றிப் பார்த்தால் 84/50. சர்க்கரை சரியாக இருந்தது. "இது தினமும் வர்றதுதான் மாப்ள. காலையில இப்படித் துவண்டு போவா, சாயங்காலம் பார்த்தா பிரஷர் 180-ல நிக்குது. மருந்து பத்தலை, கூட்டி எழுதச் சொல்லணும்" என்றார் மாமா. எனக்குக் குலை நடுங்கிவிட்டது.

உரலை எட்டிப் பார்த்தேன். அடியில் பொடியோடு பொடியாக ரோஸ் நிறத்தில், முட்டை ஓட்டுத் துணுக்கு மாதிரி சின்னச் சின்னத் தோல் கிடந்தது. அம்லோடிபினை இடித்தபோது அப்படி எதுவும் மிஞ்சியதில்லை.

என்ன நடந்தது என்று புரிந்துகொள்ளுங்கள். அம்லோடிபின் இயல்பிலேயே உடம்பில் நிதானமாக வேலை செய்து, நாள் முழுக்க நிற்கும் மருந்து. அதை இடித்தாலும் அந்த நிதானம் போகாது. நிஃபெடிபின் அப்படி அல்ல. அது சீக்கிரம் ஏறி, சீக்கிரம் இறங்கும் மருந்து. அதனால்தான் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்படி மாத்திரையைக் கட்டியிருக்கிறார்கள். இடித்தால் அந்தக் கட்டு உடைகிறது. அரை நாளுக்கான மருந்து அரை மணி நேரத்தில் ரத்தத்தில் கொட்டுகிறது, பிரஷர் பாதாளத்துக்குப் போகிறது. மதியத்துக்குள் மருந்து தீர்ந்துவிடுவதால் சாயங்காலம் பிரஷர் தலைக்கு ஏறுகிறது.

கொடுத்த ஒரு மணி நேரத்துக்குள் துவண்டு விழுவதும், அடுத்த வேளை வருவதற்குள் பிரஷர் எகிறுவதும் ஒரே ஆளுக்கு நடந்தால் முதலில் உரலைச் சந்தேகப்படுங்கள். இதைச் சொல்லாமல் சாயங்கால ரீடிங்கை மட்டும் டாக்டரிடம் காட்டினால் அவர் அளவைக் கூட்டுவார். கூட்டிய அளவும் மறுநாள் உரலுக்குத்தான் போகும்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையிலேயே இது நடந்து, 2003-ல் மருத்துவ இதழில் வெளியானது. ஒரு பெண் நோயாளிக்கு, மெல்லக் கரையும் நிஃபெடிபின் மாத்திரையைப் பொடித்து, லேபெடலால் என்ற இன்னொரு பிரஷர் மருந்தோடு மூக்குக் குழாய் வழியாகக் கொடுத்தார்கள். பிரஷரும் நாடித்துடிப்பும் விழுந்தன. போராடி மீட்டார்கள். காரணம் புரியாமல் மறுபடியும் அதே மருந்தை அதே மாதிரி கொடுத்தார்கள். அந்தப் பெண் இறந்துபோனார். டாக்டரும் நர்சும் சுற்றி இருந்த இடத்திலேயே இந்தக் கதி. இருபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே இருக்கும் நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள்.

சரி, எதை இடிக்கக் கூடாது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மாத்திரையைப் பார்க்காதீர்கள், அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., இ.ஆர்., எக்ஸ்.ஆர்., எக்ஸ்.எல்., சி.ஆர்., பி.ஆர்., எம்.ஆர்., ரிடார்ட், க்ரோனோ என்று ஏதாவது இருந்தால் அது மெல்லக் கரையும் மாத்திரை. பெயரில் இல்லாவிட்டாலும் கீழே சின்ன எழுத்தில் 'ப்ரோலாங்டு ரிலீஸ்' என்று அச்சடித்திருப்பார்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மட்டுமல்ல, வலிப்புக்கு, ஆஸ்துமாவுக்கு, நெஞ்சுவலிக்கு, கடுமையான வலிக்குத் தரும் மாத்திரைகளிலும் இந்த வகை உண்டு. வலிக்கான மார்ஃபின், டிரமடால் மாத்திரைகளில் இந்த வகையை இடித்தால் மூச்சே நின்றுவிடலாம்.

நடுவில் கோடு இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். மெட்டோப்ரோலால் எக்ஸ்.எல். போன்ற சிலவற்றைக் கோட்டில் பாதியாக உடைக்கலாம். பாதியாக்கலாம் என்பதற்குப் பொடியாக்கலாம் என்று அர்த்தம் இல்லை. மெல்லுவதும் இடிப்பதும் ஒரே கணக்குதான்.

அடுத்தது, 'கேஸ்ட்ரோ ரெசிஸ்டன்ட்', 'என்டெரிக் கோட்டட்', இ.சி., டி.ஆர். என்று போட்டவை. இவற்றின் மேல்பூச்சு இரைப்பை அமிலத்தில் கரையாமல், குடலுக்குப் போன பிறகே திறக்கும். அத்தையின் பான்டோபிரசோல் இந்த ரகம். இடித்தால் அந்த மருந்தை அமிலமே அழித்துவிடும். கொடுத்த கணக்கு இருக்கும், பலன் இருக்காது. டைக்ளோஃபெனாக்கும் பூச்சு போட்ட ஆஸ்பிரினும் வேறு மாதிரி. அங்கே பூச்சு காப்பாற்றுவது வயிற்றை. அதை உடைத்தால் வயிறு புண்ணாகலாம். மலம் தார் மாதிரி கறுத்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள், உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

கேப்ஸ்யூலைத் திறந்து கொட்டுவதும் இதே தவறுதான். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் டாபிகட்ரான் கேப்ஸ்யூலின் ஓட்டைப் பிரித்து உள்ளே இருக்கும் மணிகளை மட்டும் கொடுத்தால், ரத்தத்தில் மருந்து சுமார் 75 சதவீதம் கூடிவிடும். பக்கவாதம் வராமல் தடுக்கக் கொடுத்த மருந்தே ரத்தப்போக்கை உண்டாக்கலாம்.

இடிக்கிறவருக்கே கேடு செய்யும் மருந்துகளும் இருக்கின்றன. மூட்டுவாதத்துக்குத் தரும் மெதோட்ரெக்சேட், புற்றுநோய் மாத்திரைகள், புராஸ்டேட் வீக்கத்துக்கான ஃபினாஸ்டெரைடு ஆகியவற்றின் தூள் காற்றில் பறக்கும், கையில் ஒட்டும். கர்ப்பமாக இருக்கும் மகளோ மருமகளோ இவற்றை இடித்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. உடைந்த மாத்திரையை அவர்கள் தொடவே கூடாது.

அப்படியானால் விழுங்க முடியாதவருக்கு என்ன செய்வது? முதலில் ஏன் விழுங்க முடியவில்லை என்று பாருங்கள். தண்ணீர் குடித்ததும் இருமலா, பேசினால் தொண்டையில் சளி கட்டிய மாதிரி குரல் களகளக்கிறதா, அடிக்கடி காய்ச்சலா? தண்ணீர் நுரையீரலுக்குப் போகிறது என்று சந்தேகப்படுங்கள். இடித்த பொடியும் அதே வழியில்தான் போகும். அவருக்கு வாய் வழியாக எதையும் கொடுப்பதை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைக் கேளுங்கள். விழுங்கும் திறனைச் சோதிக்க சேலம் மாதிரி பெரிய ஊர் மருத்துவமனையில் ஸ்பீச் தெரபிஸ்ட் இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள்.

கெட்டியான உணவைச் சிக்கல் இல்லாமல் விழுங்குகிறவர் என்றால், நேராக உட்கார வையுங்கள். தலையை அண்ணாந்து பார்க்க வைக்காதீர்கள், மூச்சுக்குழல் திறந்துகொள்ளும். ஒரு ஸ்பூன் கெட்டித் தயிரிலோ கேழ்வரகுக் கூழிலோ மாத்திரையை முழுசாக வைத்து, ஒரு நேரத்தில் ஒன்று கொடுங்கள். மெல்லாமல் விழுங்கினாரா, வாய் காலியா என்று பார்த்த பிறகே அடுத்தது. அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள்.

அதுவும் முடியாதவருக்கு மருந்தின் வடிவத்தையே மாற்ற வேண்டும். மாற்றுவது டாக்டரின் வேலை, கேட்பது நம் வேலை. மெல்லக் கரையும் மெட்ஃபார்மினுக்குப் பதில் சாதா மெட்ஃபார்மினைப் பிரித்துப் பல வேளையாகக் கொடுக்கலாம். வலிப்புக்கான வால்ப்ரோயேட் சிரப்பாகவே கிடைக்கிறது. ஆஸ்பிரினில் தண்ணீரில் கரைகிற மாத்திரை உண்டு. அத்தைக்கு நிஃபெடிபினை நிறுத்தி மறுபடி அம்லோடிபின் கொடுத்து, இன்னொரு சாதா மாத்திரையும் சேர்த்தார்கள். ஒரு வாரத்தில் காலையில் துவண்டு போவதும் நின்றது, சாயங்கால ஏற்றமும் போனது.

டாக்டரோ மருந்தாளுநரோ இடிக்கலாம் என்று சொன்ன மாத்திரையையும் ஒவ்வொன்றாக இடியுங்கள். ஒரு ஸ்பூன் உணவில் கலந்து உடனே கொடுங்கள். ஒரு கிண்ணம் கஞ்சியில் கலந்தால், மீதி வைக்கும் கஞ்சியோடு மருந்தும் மீதியாகிவிடும்.

இன்று காலையே இடித்துக் கொடுத்துவிட்டீர்களா? தலைசுற்றல், வேர்வை, அதிகத் தூக்கம், மூச்சு மெதுவாவது, இதில் எது தெரிந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தெளியட்டும் என்று காப்பியோ தண்ணீரோ ஊற்றாதீர்கள். மாத்திரை அட்டை கையோடு போகட்டும். ஒரு தொந்தரவும் தெரியாவிட்டாலும் அடுத்த வேளையை இடிக்காமல், டாக்டரிடமோ 104-லோ முதலில் கேளுங்கள்.

இனி எந்த டாக்டர் சீட்டு எழுதினாலும், எந்தக் கடையில் மருந்து வாங்கினாலும், வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: "இவங்களால முழுங்க முடியாது, இடிச்சுத்தான் குடுக்கிறோம்." மாமா அதைச் சொல்லியிருந்தால் அந்த ரோஸ் மாத்திரை நாகலூர் வரைக்கும் வந்தே இருக்காது.