சவரன் விலை ஒன்று, காசின் பில் வேறு

தங்கம் சவரனுக்கு 80 ரூபாய் ஏறியது என்று காலைச் செய்தியில் சொன்னால், கிராமுக்கு 10 ரூபாய் ஏறியிருக்கிறது. சவரனுக்கு 120 குறைந்தது என்றால் கிராமுக்கு 15 குறைந்திருக்கிறது. சென்னையில் நகை வியாபாரிகள் சங்கம் நாள்தோறும் அறிவிப்பது கிராம் விலையைத்தான். அதை எட்டால் பெருக்கினால் சவரன் விலை. கிராம் விலை முழு ரூபாயில் வருவதால் சவரன் விலை எப்போதும் எட்டால் மீதியின்றி வகுபடும். வகுபடாத ஒரு சவரன் விலையை யாராவது வாட்ஸப்பில் அனுப்பினால், எங்கோ ஓர் இலக்கம் தவறியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

எட்டு கிராம் என்ற கணக்கு பிரிட்டிஷ் தங்கக் காசிலிருந்து வந்தது. 1817இல் லண்டனில் அடிக்கத் தொடங்கிய ஒரு பவுன் காசு, 22 காரட் தங்கத்தில் 7.988 கிராம் எடை கொண்டது. 1899இல் அதை 15 ரூபாய்க்குச் சமமான செல்லுபடியாகும் நாணயமாக இந்தியாவில் ஏற்றுக்கொண்டார்கள். 1918இல் பம்பாயிலேயே அந்தக் காசை அடித்தார்கள். அந்த ஆண்டுக் காசில் பம்பாய் அச்சாலைக்கு அடையாளமாக ‘I’ என்ற எழுத்து இருக்கும். காசு புழக்கத்திலிருந்து போய்விட்டது. அதன் எடை மட்டும் நம் வீடுகளில் தங்கிவிட்டது: தாலிக்கொடி ஐந்து பவுன், மகளுக்குப் போட்டது முப்பது பவுன் என்று இன்றும் பேச்சு நடக்கிறது. கிராம் வந்த பிறகு 7.988 என்பதை 8 ஆக்கிக்கொண்டார்கள். அந்த வித்தியாசம் 12 மில்லிகிராம். கிராம் 9,000 ரூபாய் விற்கும் நாளில் ஒரு காசுக்கு சுமார் 108 ரூபாய்.

இதனால் ஒரு நடைமுறைச் சங்கதி எழுகிறது. பாட்டியின் பெட்டியில் கிடக்கும் ராஜா தலை, ராணி தலை போட்ட பழைய காசை ‘ஒரு பவுன்’ என்கிறோம். தராசில் வைத்தால் எட்டு காட்டாது. 7.98 காட்டினால் அது முழுக் காசு. தேய்ந்தது என்றால் இன்னும் சற்று இறங்கும், பிரிட்டனில் 7.938 கிராமுக்குக் கீழே போன காசைப் புழக்கத்துக்கு ஏற்றதாகக் கருதவில்லை. கடைக்காரர் 7.98க்குக் கணக்குப் போட்டால் அவர் ஏமாற்றவில்லை. புதிதாக வாங்கும் காசுக்கு இந்த நியாயம் செல்லாது. இன்று கடையில் ‘ஒரு சவரன் காசு’ என்று விலை சொன்னால் தராசு 8.000 காட்டவேண்டும். 7.980 காட்டினால் பில்லிலும் 7.980 என்றே எழுதி, அதற்கு மட்டும் விலை போடவேண்டும். நகைத் தராசில் மூன்று தசம இடம் இருப்பது இதற்காகத்தான்.

இனி பில்லைப் பார்க்கலாம். கணக்குக்கு எளிதாக 22 காரட் தங்கம் கிராம் 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சவரன் 72,000. செய்தியில் வந்ததும் இதுதான், வாங்க வருபவர் கையில் எடுத்து வருவதும் பெரும்பாலும் இதை ஒட்டிய தொகைதான். கடையில் பில் வேறு எண்ணில் நிற்கிறது.

எட்டு கிராம் காசுக்குக் கடை 2 சதவீதம் கூலி போடுகிறது என்று கொள்வோம். 72,000இல் 2 சதவீதம் 1,440. இரண்டும் சேர்ந்து 73,440. இந்த மொத்தத்தின் மீது 3 சதவீதம் ஜி.எஸ்.டி., அதாவது 2,203 ரூபாய் 20 காசு. தங்கத்துக்கு மட்டும் வரி, கூலிக்கு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். கூலியையும் சேர்த்த தொகைக்குத்தான் வரி. ஹால்மார்க் கட்டணம் ஒரு காசுக்கு 45 ரூபாய், அதற்கு 18 சதவீத வரி, ஆக 53 ரூபாய் 10 காசு. எல்லாம் கூட்டினால் 75,696 ரூபாய் 30 காசு. செய்தியில் கேட்ட சவரன் விலைக்கும் இதற்கும் 3,696 ரூபாய் இடைவெளி. அதில் பாதிக்கு மேல் வரி. கூலிதான் கடைக்குக் கடை மாறும் பகுதி, பேரம் பேசக்கூடிய பகுதியும் அதுவே.

சில கடைகளில் ‘கூலி இல்லை, சேதாரம் மட்டும் 4 சதவீதம்’ என்பார்கள். நகையில் சேதாரம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு: கம்பி இழுத்து, வெட்டி, பற்றவைத்து, ராவி, மெருகேற்றும்போது தங்கம் துகளாகப் போகிறது. ஆனால் காசு தகட்டிலிருந்து வட்டமாக வெட்டி, அச்சில் ஒரே அழுத்தில் அடிப்பது. வெட்டிய மிச்சம் மறுபடி உருக்குக் கலத்துக்குப் போய்விடும். ஒரு ஆரத்துக்குப் போடும் சேதாரத்தைக் காசுக்கும் போடுவதில் நியாயம் குறைவு என்பதே சரியான பார்வை. பெயர் கூலியா சேதாரமா என்பதைப் பற்றி வாதாடவும் தேவையில்லை. வாங்குபவருக்கு வேண்டியது ஒரே ஒரு எண்.

அந்த எண்ணைக் கண்டுபிடிப்பது சுலபம்: பில்லின் கடைசித் தொகையைக் காசின் எடையால் வகுக்கவேண்டும். 75,696.30ஐ எட்டால் வகுத்தால் 9,462. இந்தக் கடையில் தங்கத்தின் உண்மையான கிராம் விலை 9,000 அல்ல, 9,462 ரூபாய். பக்கத்துக் கடையில் அன்றைய விலையில் கிராமுக்கு 50 ரூபாய் தள்ளுபடி என்று பலகை வைத்து, கூலி 4 சதவீதம் போட்டால் என்ன ஆகும்? 8,950ஐ எட்டால் பெருக்க 71,600. கூலி 2,864. வரியும் ஹால்மார்க்கும் சேர்த்தால் 76,751 ரூபாய் 2 காசு. வகுத்தால் கிராம் 9,594. தள்ளுபடிப் பலகை இல்லாத கடையே ஆயிரம் ரூபாய்க்கு மேல் மலிவு.

இதே வகுத்தலைச் சின்னக் காசுகளுக்கும் செய்து பார்க்கலாம். மாதம் ஒரு கிராம் வாங்கி எட்டு மாதத்தில் ஒரு சவரன் சேர்க்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. காசு சிறிதாகச் சிறிதாகக் கூலி விகிதம் கூடும், ஏனென்றால் ஒரு கிராமை அடிப்பதற்கும் எட்டு கிராமை அடிப்பதற்கும் வேலை ஏறக்குறைய ஒன்றே. ஒரு கிராம் காசுக்கு 4 சதவீதம் கூலி என்றால் 9,360. வரியோடு 9,640 ரூபாய் 80 காசு. ஹால்மார்க் கட்டணத்தை விட்டுவிட்டே போட்ட கணக்கு இது. விலை நகராமல் இருந்தாலும் எட்டு காசுக்கு 77,126 ரூபாய் ஆகிறது, ஒரே காசாக வாங்குவதைவிட 1,430 ரூபாய் அதிகம். மொத்தமாகப் பணம் புரட்ட முடியாதவருக்கு அது தவிர்க்க முடியாத செலவு. முடிந்தவர் இரண்டு, நான்கு கிராம் காசாக எடுத்தாலே வித்தியாசம் சுருங்கிவிடும்.

அதிகம் குழப்புவது காரட். சவரன் விலை என்று அறிவிப்பது ஆபரணத் தங்கத்துக்கு, அதாவது 22 காரட்டுக்கு. நகைக்கடைக் காசுகளில் 22 காரட்டும் உண்டு, 24 காரட்டும் உண்டு. 22 காரட்டில் ‘916’ முத்திரை இருக்கும்: ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம். எட்டு கிராம் காசில் 7.328 கிராம் சுத்தத் தங்கம், மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். 24 காரட் காசில் ‘999’ அல்லது ‘995’ என்றிருக்கும். 22 காரட் 9,000 என்றால் 24 காரட் அதன் 24/22 மடங்கு, சுமார் 9,818. எட்டு கிராமுக்கு 78,544. சவரன் விலையை மனதில் வைத்துக்கொண்டு போனவர் இதைக் கேட்டதும் திகைப்பார். ஆனால் சுத்தத் தங்கத்தால் வகுத்தால் இரண்டு காசும் கிராமுக்கு ஏறக்குறைய 9,826 ரூபாயில் வந்து நிற்கும். 24 காரட் காசு விலை கூடியது அல்ல, தங்கம் கூடியது.

தலைகீழாக நடந்தால்தான் நஷ்டம். காசு 916, பில்லில் விலை 24 காரட்டுக்கு உரியது என்றால் 6,544 ரூபாய் கூடுதலாகப் போய்விடும். தவறுதலாகவும் நடக்கலாம். எனவே பணம் கட்டுமுன் மூன்றை ஒன்றாக வைத்துப் பார்க்கவேண்டும்: காசின் முத்திரை, பில்லில் எழுதிய காரட், அதன் பக்கத்தில் உள்ள கிராம் விலை. ஹால்மார்க் போட்ட காசில் எழுத்தும் எண்ணுமாக ஆறு இலக்கக் குறியீடு இருக்கும். அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் தட்டினால் எந்த மையத்தில், என்ன தூய்மைக்குச் சோதித்தது என்று காட்டும்.

காசில் மாட்டுவதற்கு வளையம் பற்றவைத்திருந்தால் எடையை இன்னொரு தரம் யோசிக்கவேண்டும். காசுமாலைக்கென்று பழைய பவுனில் இப்படி வளையம் வைப்பார்கள். வளையமும் பற்றும் சேர்ந்துதான் தராசில் ஏறுகின்றன, பற்றின் தூய்மை காசைவிடக் குறைவாக இருக்கலாம். வாங்கும்போது மொத்த எடைக்கு 22 காரட் விலை கொடுத்துவிட்டு, விற்கும்போது வளையத்தைக் கழித்துக் கணக்குப் போட்டுத் தருவதாகக் கடை சொன்னால் வருத்தம்தான்.

விற்கும் நாளில் கூலி, வரி, ஹால்மார்க் கட்டணம் எதுவும் திரும்பி வராது. எடை, தூய்மை, அன்றைய கிராம் விலை மட்டும்தான் நிற்கும், அதிலும் சில கடைகள் ஒன்றிரண்டு சதவீதம் கழிக்கும். நம் எடுத்துக்காட்டுக் காசை வாங்கியவர் போட்ட முதலாவது கைக்கு வர, கழிவே இல்லாவிட்டாலும் கிராம் 9,000இலிருந்து 9,462ஐத் தொடவேண்டும், ஐந்து சதவீதத்துக்குச் சற்று மேல். 2 சதவீதம் கழித்தால் 9,655. வங்கியில் அழகான அட்டையில் அடைத்து விற்கும் காசை வாங்கியவருக்கு இன்னொரு செய்தியும் உண்டு: விற்ற காசைத் திரும்ப வாங்க வங்கிகளுக்கு அனுமதி இல்லை. அதையும் நகைக்கடைக்குத்தான் கொண்டுபோகவேண்டும். அங்கே அட்டையைப் பிரித்து, காசை மட்டும் தராசில் வைப்பார்கள்.