ஆடிக் காற்றில் போட்ட தளம் ஏன் வெடிக்கிறது?

காலை பத்து மணிக்குப் போட்ட மொட்டைமாடித் தளம் மதியமே கோடு கோடாக வெடித்திருக்கும். பழி சிமெண்ட் மீது விழும். உண்மையான குற்றவாளி பெரும்பாலும் காற்றுதான்.

புதுக் கான்கிரீட்டில் கனமான ஜல்லியும் மணலும் அடியில் படிய, தண்ணீர் மெல்ல மேலே கசியும். அந்தக் கசிவைவிட வேகமாக மேற்பரப்பு உலர்ந்தால், துகள்களுக்கிடையே மிஞ்சிய நீர் அவற்றை இழுத்து நெருக்கும். இன்னும் இறுகாத கான்கிரீட்டுக்கு அந்த இழுப்பைத் தாங்கும் வலு ஏது?

வெயிலும் கான்கிரீட்டும் 35 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம் என்று வையுங்கள். காற்று மணிக்கு 5 கிலோமீட்டர் என்றால், சதுர மீட்டருக்கு மணிக்கு அரை கிலோ நீர்தான் ஆவியாகும். 25 ஆனால் சுமார் 1.8 கிலோ. ஒரு கிலோவைத் தாண்டினாலே ஆபத்து.

மேற்பரப்பின் ஈரப் பளபளப்பு சீக்கிரம் மறைவதே முதல் அறிகுறி. முன்னதாகவே பலகையை நனையுங்கள், மாலையில் போடுங்கள், காற்றடிக்கும் பக்கம் தார்ப்பாய் கட்டுங்கள். மட்டம் தட்டியதும் பாலித்தீன் விரித்து ஓரங்களில் கனம் வையுங்கள். விரிசல் விழுந்துவிட்டால், இறுகும் முன் மட்டப்பலகையால் அழுத்தித் தேய்த்து மூடலாம். சிமெண்ட் தூவாதீர்கள், அது மேலோடு மட்டுமே. மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதும் அவசியம்தான். ஆனால் இந்த விரிசல் முதல் சில மணி நேரத்திலேயே விழுந்துவிடும்.