வாசற்படிக்குக் கீழே ஓடும் மின்சாரம்

கைக்கடிகாரக் கடையில் '626 நம்பர் பேட்டரி' என்று கேட்டால் சட்டைப் பொத்தானைவிடச் சிறியதாக ஒன்றை எடுத்துத் தருவார்கள். 1.55 வோல்ட் தரும் சில்வர் ஆக்சைடு செல் அது. அதன் கொள்ளளவு சுமார் 28 மில்லி ஆம்பியர் மணி. அதைப் போட்டால் கடிகாரம் இரண்டு, மூன்று வருடம் ஓடிவிடும். மூன்று வருடத்துக்கு ஏறக்குறைய 26,300 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் கடிகாரம் சராசரியாக இழுக்கும் மின்சாரம் ஒரு மைக்ரோ ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. முள்ளைத் தள்ளும் மோட்டார், விநாடியை எண்ணும் சில்லு, குவார்ட்ஸ் படிகத்தை அதிரவைக்கும் மின்சுற்று எல்லாம் இதற்குள் அடங்கியாக வேண்டும்.

படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணைத் தொடர்ந்து பதினைந்து முறை பாதியாக்கினால் விநாடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். படிகத்தை ஒருமுறை தட்டிவிட்டால் போதாது. உராய்வில் அதிர்வு அடங்கிப் போகாதபடி ஒரு டிரான்சிஸ்டர் அதை இடைவிடாமல் உந்திக்கொண்டே இருக்க வேண்டும். இரவும் பகலும் ஓயாத அந்த வேலையை, பாடப்புத்தகத்தின்படி 'அணைந்து கிடக்கும்' ஒரு டிரான்சிஸ்டர்தான் செய்கிறது.

மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரைப் பலர் குழாய் போலத்தான் படித்திருப்போம். சோர்ஸ் ஒரு முனை, டிரெயின் மறுமுனை, நடுவே மெல்லிய கண்ணாடிப் படலத்துக்கு மேல் கேட். கேட்டில் போதுமான மின்னழுத்தம் கொடுத்தால் அடியில் இருக்கும் சிலிக்கான் பரப்பில் எலக்ட்ரான்கள் திரண்டு ஒரு வாய்க்கால் உண்டாகி, மின்சாரம் ஓடும். அதற்குக் குறைந்தபட்சம் வேண்டிய மின்னழுத்தத்தை த்ரெஷோல்ட் என்கிறார்கள். சொல்லுக்கு வாசற்படி என்று பொருள். ஒரு டிரான்சிஸ்டருக்கு அது 0.5 வோல்ட் என்றால், 0.4 வோல்ட் கொடுக்கும்போது மின்சாரம் பூஜ்யம் என்று புத்தகம் சொல்லும்.

உண்மையில் அது பூஜ்யம் இல்லை. ஏன் என்பதை மொட்டை மாடிக் கொடியில் பார்க்கலாம். தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். ஆனால் ஈரத்துணி உலர அந்தச் சூடு வேண்டியதில்லை. ஒரே வெப்பநிலையில் இருக்கும் தண்ணீரிலும் எல்லா மூலக்கூறும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. சராசரியைவிட மிக வேகமானவை சில எப்போதும் இருக்கும்; அவை மட்டும் தப்பித்து ஆவியாகின்றன. சற்றே சூடு கூடினாலும் தப்புகிறவற்றின் எண்ணிக்கை பெருக்கல் கணக்கில் ஏறும்.

த்ரெஷோல்டுக்குக் கீழே நடப்பதும் இதுதான். சோர்ஸில் இருக்கும் எலக்ட்ரான்களுக்கு முன்னால் ஒரு மேடு நிற்கிறது. அறையின் வெப்பத்தாலேயே எலக்ட்ரான்கள் துள்ளிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஆற்றல் மிகுந்த சில மேட்டைத் தாண்டி, அடர்த்தி மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு மணம் பரவுவது போல டிரெயின் பக்கம் பரவிச் செல்கின்றன. கேட் செய்வதெல்லாம் மேட்டின் உயரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும்தான். இந்த நிலைக்கு 'வீக் இன்வெர்ஷன்' என்று பெயர். வாய்க்கால் முழுதாக உருவாகாமல் ஈரக்கசிவு போல இருப்பதால் 'வீக்'. அதில் ஓடும் மின்சாரத்துக்கு ஒரு விதி உண்டு:

I_D = I_0 · e^((V_GS − V_T) / (n·U_T))

இதில் V_GS கேட்டுக்குக் கொடுக்கும் மின்னழுத்தம், V_T த்ரெஷோல்ட். U_T என்பது வெப்பத்தின் துள்ளலை மின்னழுத்தமாகச் சொல்லும் அளவு. அறை வெப்பநிலையில் சுமார் 26 மில்லிவோல்ட். n என்பது கேட்டுக்கு ஏற்படும் வீண்செலவு. கேட் கொடுப்பதெல்லாம் சிலிக்கான் பரப்புக்குப் போய்ச் சேர்வதில்லை. ஒரு பங்கு அடியில் உள்ள பகுதியிலும் கரைந்துவிடும். n பெரும்பாலும் 1.3 முதல் 1.5 வரை இருக்கும். 1.4 என்று வைத்தால் n·U_T ஏறத்தாழ 36 மில்லிவோல்ட். கேட்டை 36 மில்லிவோல்ட் உயர்த்தினால் மின்சாரம் 2.7 மடங்காகும், 84 மில்லிவோல்ட் உயர்த்தினால் பத்து மடங்காகும்.

ஆய்வகத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கேட் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, மின்சாரத்தை மடக்கை அளவில் குறித்துக்கொண்டே போனால் ஒரு நேர்க்கோடு எழும். அந்த நேர்க்கோடுதான் வீக் இன்வெர்ஷனின் அடையாளம். த்ரெஷோல்டை நெருங்கும்போது கோடு தலைசாய்க்கும். அதற்கு மேல் வாய்க்கால் நிறைந்துவிட்டது என்று பொருள். மிகக் கீழே, வேறு வழிகளில் கசியும் மின்சாரம் கோட்டைப் படுக்கவைத்துவிடும்.

இந்த நேர்க்கோட்டை வைத்துக் கைக்கடிகார மின்சுற்றுகளை முறையாகக் கட்டலாம் என்று காட்டியதில் முக்கியமானவர்கள் எரிக் வித்தோஸ், ஜான் ஃபெல்ராத். சுவிட்சர்லாந்தின் நொய்ஷாத்தெல் நகரில் கடிகார நிறுவனங்கள் சேர்ந்து நடத்திய மின்னணு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர்கள். வீக் இன்வெர்ஷனில் இயங்கும் மின்சுற்றுகள் பற்றி 1977-இல் அவர்கள் எழுதிய கட்டுரை இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

சேமிப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். படிகம் அடங்காமல் அதிர, டிரான்சிஸ்டரிடம் ஒரு குறைந்தபட்ச உந்து திறன் வேண்டும். கேட் ஒரு மில்லிவோல்ட் அசைந்தால் டிரெயின் மின்சாரம் எவ்வளவு அசைகிறது என்பதே அந்தத் திறன், டிரான்ஸ்கண்டக்டன்ஸ் என்பார்கள். 35 கிலோ ஓம் இழப்பும், சுற்றியுள்ள மின்தேக்கம் எல்லாம் சேர்ந்து 7 பிகோ ஃபாரடும் உள்ள ஒரு கடிகாரப் படிகத்துக்கு, ஒரு மில்லிவோல்டுக்குச் சுமார் 0.3 நானோ ஆம்பியர் அசைவு போதும்.

வீக் இன்வெர்ஷனில் ஒரு மில்லிவோல்ட் அசைவு, ஓடும் மின்சாரத்தில் 36-இல் ஒரு பங்கை அசைக்கிறது. ஆகவே 0.3 நானோ ஆம்பியர் அசைய 11 நானோ ஆம்பியர் ஓடினால் போதும். அதே டிரான்சிஸ்டரைத் த்ரெஷோல்டுக்கு மேலே 0.4 வோல்ட் தள்ளி, புத்தக முறைப்படி 'முழுதாகத் திறந்து' இயக்கினால் ஒரு மில்லிவோல்ட் அசைப்பது மின்சாரத்தில் இருநூறில் ஒரு பங்கைத்தான். அதே 0.3-க்கு 60 நானோ ஆம்பியர் ஓடவேண்டும். படிகம் குளிரிலும் தயங்காமல் புறப்பட வேண்டும் என்று ஐந்து மடங்கு இடம் விட்டால் ஒன்று 55, மற்றொன்று 300. மொத்தக் கையிருப்பே ஆயிரம் நானோ ஆம்பியர்தான் என்னும்போது, அதில் மூன்றில் ஒரு பங்கை இந்த ஒரு டிரான்சிஸ்டருக்கே கொடுக்க யாருக்கும் மனம் வராது.

இன்னொரு ஆதாயம் மின்னழுத்தத்தில் கிடைக்கிறது. டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் இடையே U_T-ஐப் போல் நான்கு மடங்கு, அதாவது 100 மில்லிவோல்ட் இருந்துவிட்டால் மின்சாரம் ஏறத்தாழ நிலைத்துவிடும். அதற்கு மேல் கொடுப்பதால் பெரிதாக எதுவும் மாறாது. அதனால் செல் தேய்ந்து மின்னழுத்தம் இறங்கினாலும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய டிரான்சிஸ்டர்கள் மூச்சுத் திணறாமல் இயங்கும்.

இவ்வளவு நல்லது என்றால் எல்லோரும் எல்லா இடத்திலும் ஏன் இதைப் பயன்படுத்துவதில்லை? காரணம், மடங்குக் கணக்கில் ஏறுவது மடங்குக் கணக்கிலேயே தவறவும் செய்யும். கேட்டை ஒரு குறிப்பிட்ட மின்னழுத்தத்தில் கட்டிவைத்துவிட்டு வெப்பநிலையை 20 டிகிரி ஏற்றினால் மின்சாரம் இரு மடங்கைத் தாண்டிவிடும். த்ரெஷோல்டே டிகிரிக்கு ஒரு மில்லிவோல்ட் போல இறங்குவது முக்கியக் காரணம். அதனால் இந்தத் துறையில் யாரும் கேட் மின்னழுத்தத்தை நேரடியாக நிர்ணயிப்பதில்லை. மின்சாரத்தை நிர்ணயித்துவிட்டு, கேட் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும்படி விடுவார்கள்.

மின்சாரத்தை நிர்ணயிக்கும் வழியும் அந்த விதிக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு டிரான்சிஸ்டர்களின் கேட்டுகளை ஒன்றாகக் கட்டி, இரண்டிலும் ஒரே மின்சாரத்தை ஓட்டுங்கள். ஒன்று மற்றதைவிட எட்டு மடங்கு அகலம். அகலமானதற்கு அதே மின்சாரத்தை ஓட்டக் குறைந்த மின்னழுத்தமே போதும் என்பதால் அதன் சோர்ஸ் சற்று மேலேறி நிற்கும். எவ்வளவு மேலே? U_T-ஐ 8-இன் இயல் மடக்கையால் பெருக்கிய அளவு, 54 மில்லிவோல்ட். த்ரெஷோல்ட் எவ்வளவு என்பது இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. அந்தச் சோர்ஸின் அடியில் 5.4 மெகா ஓம் மின்தடை வைத்தால் 10 நானோ ஆம்பியர் கிடைக்கும்.

இதில் ஓர் அழகு உண்டு. இந்த மின்சாரம் வெப்பநிலையோடு சேர்ந்து மெல்ல ஏறும். வீக் இன்வெர்ஷனில் உந்து திறன் என்பது மின்சாரத்தை n·U_T-ஆல் வகுத்தது. U_T-யும் வெப்பநிலையோடு அதே விகிதத்தில் ஏறும். மேலேயும் கீழேயும் ஒன்றாக ஏறுவதால் உந்து திறன் ஏறத்தாழ அசையாமல் நிற்கிறது. படிகத்துக்கு வேண்டியது அதுதான்.

இரண்டாவது தொல்லை, இரட்டைப் பிள்ளைகளிடமும் இருக்கும் வேற்றுமை. ஒரே சில்லில் அருகருகே ஒரே அளவில் செய்த இரு டிரான்சிஸ்டர்களின் த்ரெஷோல்டில் 5 மில்லிவோல்ட் வித்தியாசம் இருக்கலாம். 0.4 வோல்ட் மேலே தள்ளி இயக்கினால் அது மின்சாரத்தில் 2.5 விழுக்காடு பிழைதான். வீக் இன்வெர்ஷனில் அதுவே 15 விழுக்காடு. மின்சாரத்தைப் பிரதியெடுக்கும் 'கரண்ட் மிரர்' டிரான்சிஸ்டர்களை நீளமாக்கி வலுவான நிலையில் வைத்துவிட்டு, உந்து திறன் வேண்டிய இடத்தில் மட்டும் வீக் இன்வெர்ஷனை வைப்பதே கைதேர்ந்தவர்களின் வழக்கம். மூன்றாவது, வேகம். இந்தச் சிறிய மின்சாரம் மின்தேக்கங்களை நிரப்ப நேரம் எடுக்கும். 32 கிலோ ஹெர்ட்ஸ் படிகத்துக்குப் போதும். வேகமாக ஓடவேண்டிய ரேடியோ அலைச் சுற்றுக்குப் போதாது.

கொடியில் துணியை உலர்த்தும் அதே ஆவிதான் கோடையில் ஏரியையும் வற்றவைக்கிறது. கடிகாரச் சில்லில் வரமாக வந்த இந்த விதி, கணினிச் சில்லில் கசிவாக வருகிறது. கேட்டில் பூஜ்யம் கொடுத்து அணைத்த டிரான்சிஸ்டரும் த்ரெஷோல்டுக்குக் கீழே நிற்பதுதானே! த்ரெஷோல்டில் 100 நானோ ஆம்பியர் ஓடும் ஒரு டிரான்சிஸ்டரை எடுத்துக்கொள்வோம். த்ரெஷோல்ட் 0.42 வோல்ட் என்றால், அணைந்த நிலையில் ஐந்து பத்து-மடங்குகள் இறங்கி 1 பிகோ ஆம்பியர் கசியும். மின்னழுத்தத்தைக் குறைத்து ஓட்ட வேண்டும் என்று த்ரெஷோல்டை 0.25-க்கு இறக்கினால் மூன்று மடங்குகளே இறங்கி 100 பிகோ ஆம்பியர் கசியும். ஒற்றை டிரான்சிஸ்டரில் அது ஒன்றுமில்லை. நூறு கோடி டிரான்சிஸ்டர்களில் அது 0.1 ஆம்பியர். சும்மா கிடக்கும் சில்லு அப்படி இழுத்தால், அந்த 626 நம்பர் பேட்டரி பதினேழு நிமிடம்கூடத் தாங்காது.