மணல் எங்கே கிடக்கும், எத்தனை நாள் கிடக்கும்?

சென்னை மேற்கு மாம்பலத்தின் இருபது அடித் தெரு ஒன்றில் ஒரு கிரவுண்டு மனை இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன்பக்கம் 40 அடி, நீளம் 60 அடி, மொத்தம் 2,400 சதுர அடி. நாலு பக்கமும் ஐந்தடி விட்டு, கீழே வண்டி நிறுத்தும் தூண் தளமும் மேலே மூன்று மாடியும் கட்ட வேண்டும். கட்டடம் நிற்கும் பரப்பு 1,500 சதுர அடி. மீதி 900 சதுர அடி காலி. மணல், செங்கல், கம்பி எல்லாவற்றுக்கும் இது தாராளம் என்றுதான் வரைபடத்தைப் பார்ப்பவருக்குத் தோன்றும்.

ஆனால் அந்த 900 சதுர அடி ஒரே இடமாக இல்லை. கட்டடத்தைச் சுற்றி ஓடும் ஐந்தடி அகலச் சந்தாக இருக்கிறது. ஒரு யூனிட் மணல், அதாவது நூறு கன அடி, லாரியிலிருந்து கொட்டினால் ஏறக்குறைய பத்தடி விட்டத்தில் கூம்பாகப் பரவும். ஐந்தடிச் சந்தில் பத்தடிக் குவியல் நிற்காது. அதனால்தான் மணல் தெருவுக்கு வருகிறது. கட்டுபவரின் அலட்சியமும் ஒரு காரணம்தான். ஆனாலும் பெரும்பாலான இடங்களில் வேலை தொடங்குமுன் இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்க்காததே மூல காரணம்.

நெருக்கடியான மனையில் இடத்தைக் கூட்ட முடியாது. ஒரு பொருள் அங்கே தங்கும் நாள்களைக் குறைக்கத்தான் முடியும். ஆகவே சரக்கு வைப்பதற்கான திட்டம் வரைபடமாக மட்டும் இருந்தால் போதாது. அது ஒரு கால அட்டவணையாகவும் இருக்க வேண்டும். வேலையை மூன்று கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு தாளாக மூன்று தாள் வரைந்துகொண்டால் மேஸ்திரிக்கும் புரியும், சித்தாளுக்கும் புரியும்.

முதல் தாள் அடித்தளம். மூன்று கட்டத்திலும் கடினமானது இதுதான். பன்னிரண்டு பில்லருக்கு ஆறடி நீளம், ஆறடி அகலம், ஆறடி ஆழத்தில் குழி எடுத்தால் 26 யூனிட் மண் வெளியே வரும். தோண்டிய மண் உப்பும் என்பதால் குவியலில் அது 32 யூனிட் ஆகிவிடும். நாலடி உயரத்துக்குக் குவித்தாலும் 800 சதுர அடியை அடைத்துக்கொள்ளும். குழியின் விளிம்பிலேயே மண்ணைக் குவிக்கவும் கூடாது. குறைந்தது ஒன்றரை மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாரம் தாங்காமல் பக்கச்சுவர் சரியும். பன்னிரண்டு குழியையும் ஒரே மூச்சில் தோண்டினால் மண்ணுக்கும் இடமில்லை, கம்பிக்கும் இடமில்லை, ஆள் நடக்கவும் இடமில்லை.

இதற்கு வழி, பின்னாலிருந்து முன்னால் வருவது. முதலில் பின்பாதியின் ஆறு குழிகளை மட்டும் எடுத்து, அந்த மண்ணை முன்பாதியில் போட வேண்டும். பில்லரைத் தரைமட்டம் வரை எழுப்பி, மண்ணைத் திரும்ப நிரப்பி, நன்றாகக் கெட்டித்த பிறகு முன்பாதியைத் தோண்டலாம். அந்த மண் இப்போது பின்பாதிக்குப் போகும். இந்தக் கட்டத்தில் கம்பியை மனைக்குள் வைத்து வெட்டி வளைக்காமல், அளவு கொடுத்து வெளியிலேயே வளைத்துக் கட்டுக் கட்டாக இறக்கிக்கொள்வது நல்லது. கான்கிரீட் இரண்டு தவணையாகப் போவதால் பத்துப் பதினைந்து நாள் கூடுதலாகலாம். அந்த நாள்களுக்கு ஈடாக, மண்ணை லாரி வைத்து வெளியேற்றி மறுபடி விலைக்கு வாங்கும் செலவு மிச்சமாகிறது. அவசரப்பட்டு வாசல் பக்கக் குழிகளை முதலில் தோண்டிவிட்டால், பின்பாதிக்கு ஒரு சட்டி ஜல்லி கொண்டுபோகக்கூடப் பலகைப் பாலம் போட வேண்டியிருக்கும்.

இரண்டாவது தாள் முதல் தளம் போடும் காலத்துக்கானது. இப்போது ஐந்தடிச் சந்துகளுக்குத் தனித்தனி வேலை கிடைக்கிறது. முழுக் கம்பி 12 மீட்டர் நீளம், கிட்டத்தட்ட நாற்பது அடி. அதை மடக்காமல் வைக்க இந்த மனையில் இருப்பவை அறுபது அடி ஓடும் பக்கச் சந்துகள் மட்டுமே. இடப்பக்கச் சந்தைக் கம்பிக்கு ஒதுக்கி, தரையில் படாமல் கட்டைகளின் மேல் தடிமன் வாரியாகப் பிரித்து வைக்கலாம். வலப்பக்கச் சந்து மணலுக்கு. சந்தின் குறுக்கே பலகை அடித்துத் தொட்டி போலச் செய்துகொண்டால் மணல் பரவாது. ஐந்தடி அகலம், ஏழடி நீளம், மூன்றடி உயரத் தொட்டியில் ஒரு யூனிட் அடங்கிவிடும். ஒரு யூனிட் எம்-சாண்ட் ஏறக்குறைய நாலரை டன் எடை. அதை அண்டை வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் சாய்த்துக் கொட்டக் கூடாது. பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்குவதற்கென்று அந்தச் சுவரை யாரும் கட்டவில்லை. மழையில் நனைந்து மணல் கனத்தால் சுவர் விழும். சுவர்ப் பக்கமும் பலகை அடித்து, அதைத் தன் காலிலேயே நிற்கும்படி முட்டுக் கொடுக்க வேண்டும்.

முதல் தளம் போட்டுவிட்டால் கீழே 1,500 சதுர அடிக் கிடங்கு கிடைத்துவிடும் என்று நம்பி அடுத்த நாளே செங்கலுக்குச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. கீழே இரண்டடிக்கு ஒன்றாகச் சென்ட்ரிங் முட்டு நிற்பது அப்போது அவர்கள் நினைவுக்கு வருவதில்லை. தளத்துக்கு ஏழிலிருந்து பதினாலு நாள், பெரிய பீம்களுக்கு இருபத்தொரு நாள் வரை முட்டை எடுக்கக் கூடாது. ஆகவே கான்கிரீட் போட்ட நாளிலிருந்து சுமார் மூன்று வாரம் இந்த மனையில் இடமே இல்லாத காலம். அந்த வாரங்களை அட்டவணையில் சிவப்பால் அடித்துவிட்டு, செங்கல் லோடை அதற்குப் பின்னால் தள்ள வேண்டும்.

கான்கிரீட் போடும் நாளுக்குத் தனி ஒழுங்கு தேவை. இந்தத் தளத்துக்கும் பீமுக்கும் சேர்த்து 25 கன மீட்டர் ஆகும் என்று கொண்டால், ஆறு கன மீட்டர் லாரி நாலும் மேலே கொஞ்சமும் வேண்டும். ஒரு லாரியைப் பம்பில் ஊற்றி முடிக்க அரை மணி. தெருவில் ஒரு லாரிதான் நிற்க முடியும் என்பதால் அடுத்தது பெரிய சாலையில் காத்திருக்க வேண்டும். இடைவெளி கூடினால் பழைய கான்கிரீட் இறுகிவிட, புதியது அதோடு சேராமல் கோடு விழும். பிற்பாடு தண்ணீர் கசிவது அந்தக் கோட்டில்தான். இடைவெளி குறைந்தால் காத்திருக்கும் லாரியில் கலவை கெட்டியாகும், யாராவது தண்ணீர் ஊற்றி இளக்குவார்கள், வலு போய்விடும். கலவையில் தண்ணீர் சேர்ந்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டி முடிக்க வேண்டும். கலந்த நேரம் சலானில் அச்சாகியிருக்கும், ஒவ்வொரு லாரிக்கும் அதைப் பார்த்த பிறகே பம்பில் விட வேண்டும். கடைசி லாரிக்கு எவ்வளவு என்பதை முன்கூட்டியே சொல்லாமல், நாலாவது லாரி பாதி இறங்கியதும் மீதிப் பரப்பை அளந்து போனில் சொன்னால் மிச்சக் கான்கிரீட்டைத் தெருவில் கொட்டும் நிலை வராது.

மூன்றாவது தாள் சுவர் எழும் காலத்துக்கானது. இங்கே ஒரு சின்னக் கணக்கு பெரிய வேலை செய்கிறது. ஒன்பது அங்குலச் சுவரில் ஒரு கொத்தனார் நாளைக்குச் சுமார் 500 செங்கல் வைப்பார். இரண்டு கொத்தனார் என்றால் மூன்று நாளைக்கு 3,000 செங்கல், சரியாக ஒரு லோடு. ஒன்றுக்கு ஆறு கலவையில் அதற்குத் தேவை ஏறக்குறைய ஒரு யூனிட் மணலும் 12 மூட்டை சிமெண்டும். இந்த மூன்றையும் ஒரே தொகுப்பாக வைத்து, மூன்று நாளைக்கு ஒரு முறை வரவழைத்தால் மனையில் எப்போதும் ஒரு தொகுப்புக்கு மேல் இருக்காது. ஆறு யூனிட் லாரியில் மொத்தமாக இறக்கினால் யூனிட்டுக்கு விலை குறையும் என்பது உண்மைதான். ஆனால் அந்த மணல் தெருவில் கிடந்து, மிதிபட்டு, ஒரு பங்கு மழைநீர் வடிகாலுக்குள் போய், மீதியை ஆள் வைத்து இரண்டாம் முறை உள்ளே சுமந்தால் லாபம் தங்காது. மாநகராட்சி விதிக்கும் அபராதம் இதற்கு மேல்.

சிமெண்டைத் தூண் தளத்திலேயே, தரையிலிருந்து ஆறு அங்குலமாவது உயர்த்திய பலகை மேல், சுவரைத் தொடாமல் அடுக்க வேண்டும். பத்து மூட்டைக்கு மேல் உயரம் கூடாது என்கிறது ஐ.எஸ். 4082 தரநூல். அதற்கு மேல் போனால் அடி மூட்டை இறுகிக் கட்டிபடும். வந்த தேதியைச் சாக்கட்டியால் எழுதி, முதலில் வந்ததை முதலில் எடுக்க வேண்டும்.

செங்கலை மாடிக்கு ஏற்றும்போது எடை குறித்துக் கவனம் வேண்டும். வீட்டுத் தளங்கள் சதுர அடிக்குச் சுமார் 20 கிலோ புழக்கப் பாரத்துக்குக் கணக்கிடப்படுபவை. நாலடி உயரம் அடுக்கிய செங்கல் சதுர அடிக்கு 180 கிலோ அழுத்தும். அறையின் நடுவே அப்படி அடுக்கினால் கீழே முட்டு எடுத்த தளத்தின் அடியில் மயிரிழை வெடிப்பு தெரியும். செங்கல் இறங்க வேண்டிய இடம் சுவர் வரப்போகும் வரிசையை ஒட்டித்தான். அங்கே கீழே பீம் இருக்கிறது, பத்தடிச் சுவரைத் தாங்கத்தான் அது போடப்பட்டது. அங்கேயும் முழங்கால் உயரத்தோடு நிறுத்தி, வரிசையாகப் பரத்தி வைக்க வேண்டும்.

இனி வண்டிகள் வரும் நேரம். ஞாயிறு மாலை மேஸ்திரியும் பொறியாளரும் உட்கார்ந்து அடுத்த வாரத்தைப் பலகையில் எழுதிவிட வேண்டும். மணல் காலை ஆறிலிருந்து ஏழுக்குள், பள்ளி வண்டிகள் வருமுன். ஏழரை முதல் ஒன்பதரை வரை எந்த வண்டியும் கூடாது. சிமெண்டும் கம்பியும் பதினொன்றுக்கு மேல், குட்டியானையில் வருமளவு. ஒரே நேரத்துக்கு இரண்டு வண்டி என்று எழுதவே கூடாது. நகருக்குள் கனரக வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு என்பதால் கான்கிரீட் பெரும்பாலும் இரவில் வரும். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலி விதிகள் கடுமையாவதால் எட்டு மணிக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடிக்கும்படி ஆளையும் பம்பையும் கூட்டுவதா, போக்குவரத்துக் காவலரிடம் பகல் அனுமதி கேட்பதா என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். முந்தின நாளே தெருவாசிகளிடம் நேரத்தைச் சொல்லிவிட்டால் தங்கள் வண்டிகளை அவர்களே நகர்த்திக்கொள்வார்கள்.

முதல் லாரி வருமுன் வாசலில் இரண்டைப் பார்க்க வேண்டும். டிப்பரின் தொட்டி தூக்கும்போது மேலே மின்கம்பி படுமா? பின்சக்கரம் ஏறும் இடத்தில் வடிகால் மூடி இருக்கிறதா? இருந்தால் அதன் மேல் இரும்புத் தகடு போடாமல் வண்டியை ஏற்றக் கூடாது.

திட்டம் நடக்கிறதா என்று கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வு வேண்டாம். மாலை வேலை முடிந்ததும் சித்தாளைக் கேட்டால் போதும்: "இன்னைக்கு எதையாவது ரெண்டு தடவை தூக்கினீங்களாம்மா?" ஆமாம் என்றால், அந்தப் பொருள் தவறான இடத்தில் இறங்கியிருக்கிறது, அல்லது தவறான நாளில் வந்திருக்கிறது. எது என்று பார்த்து, அடுத்த வாரப் பலகையில் திருத்தி எழுத வேண்டும்.