ஓடி லோன்ல இஎம்ஐ இல்ல, ஆனா மீட்டர் தினமும் ஓடும்!

நாமக்கல்ல இருந்து ஒரு தம்பி ஆபீஸுக்கு வந்திருந்தார். சேலத்துல ஒரு கம்பெனில வேலை, மாசம் 60,000 ரூபாய் சம்பளம். அப்பா ஒரு லாரி வெச்சு ஓட்டுறார். தங்கச்சி கல்யாணத்துக்காக அப்பா பேர்ல இருக்கற வீட்டை அடமானம் வெச்சு, ரெண்டு பேரும் சேர்ந்து 15 லட்சம் லிமிட்ல ஓவர்டிராஃப்ட் எடுத்திருக்காங்க. அதுல 10 லட்சம் எடுத்துச் செலவு பண்ணியாச்சு.

"சார், இதுல இஎம்ஐயே கிடையாதுன்னு சொன்னாங்க. இப்ப பேங்க்ல இருந்து போன் மேல போன். என்ன தப்பு பண்ணினேன்னே தெரியல"ன்னார்.

அவர் பண்ணின தப்புக்கு அப்புறம் வரேன். முதல்ல இந்தக் கடன்ல வட்டி எப்படி ஏறுதுன்னு பார்த்துடலாம்.

சாதாரண அடமானக் கடன்ல 10 லட்சம் வாங்கினா, மாசாமாசம் ஒரே தொகை கட்டுவீங்க. வட்டியும் அசலும் அதுக்குள்ளயே இருக்கும். ஓடி அப்படி இல்ல. பேங்க் உங்களுக்கு ஒரு லிமிட் கொடுக்கும். எவ்வளவு எடுத்திருக்கீங்களோ அதுக்கு மட்டும்தான் வட்டி. அதுவும் ஒவ்வொரு நாள் முடியும்போதும் கணக்குல எவ்வளவு பாக்கி நிக்குதோ, அந்தத் தொகைக்கு. மாசக் கடைசில முப்பது நாள் வட்டியையும் கூட்டி, அதே கணக்குல பற்று வெச்சுடுவாங்க.

தம்பியோட வட்டி வருஷத்துக்கு 10.95 சதவீதம். நம்ம ஊர்க் கணக்குல சொன்னா நூத்துக்கு மாசம் 91 பைசா வட்டி. இதை 365-ஆல வகுத்தா, ஒரு லட்சத்துக்கு ஒரு நாளைக்குச் சரியா 30 ரூபாய். இந்த 30 ரூபாயை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, மத்ததெல்லாம் பெருக்கல்தான். 10 லட்சம் ஒரு நாள் நின்னா 300 ரூபாய். 30 நாள் அப்படியே நின்னா 9,000 ரூபாய்.

இப்ப அவர் சம்பளத்தை இந்தக் கணக்குலயே போடுறார்னு வெச்சுக்கலாம். ஏப்ரல் 1-ம் தேதி 60,000 உள்ள வருது. பாக்கி 9,40,000 ஆகிடும். பத்து நாளைக்கு, நாளைக்கு 282 வீதம் 2,820 ரூபாய். 11-ம் தேதி வீட்டுச் செலவுக்கு 20,000 எடுக்கறார். பாக்கி 9,60,000, அடுத்த பத்து நாளைக்கு 2,880. 21-ம் தேதி இன்னொரு 25,000 எடுக்கறார். பாக்கி 9,85,000, கடைசிப் பத்து நாளைக்கு 2,955. மொத்தம் 8,655 ரூபாய். 9,000-க்குப் பதிலா 8,655. மிச்சம் 345.

இந்த 345-ஐக் கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கணும். அவர் திரும்ப எடுக்காம விட்ட 15,000-தான் இதுல 135 ரூபாயை மிச்சம் பண்ணுது. அந்த 15,000-ஐ சாதாரண கடன்ல முன்கூட்டிக் கட்டியிருந்தாலும் அந்த லாபம் கிடைச்சிருக்கும். ஓடிங்கறதால மட்டும் கிடைச்சது மீதி 210 ரூபாய். சம்பளத்தைக் கணக்குல கொஞ்ச நாள் நிறுத்தி வெச்சதுக்கான கூலி அவ்வளவுதான்.

"சம்பளத்தை ஓடில போடுங்க, வட்டியே இல்லாம பண்ணுங்க"ன்னு ரீல்ஸ் போடறவங்க இந்த இடத்துக்கு வரமாட்டாங்க. ஏன்னா வழக்கமா ஓடிக்கு வட்டி கொஞ்சம் கூடுதலா இருக்கும். அரை சதவீதம் கூடன்னு வெச்சாலே, 10 லட்சத்துக்கு வருஷம் 5,000, அதாவது மாசம் 417 ரூபாய். 210 மிச்சம் பண்றதுக்கு 417 கொடுக்கறோம்! இந்த வித்தியாசத்தை ஈடுகட்டணும்னா, செலவு போக ஏறக்குறைய 46,000 ரூபாய் வருஷம் முழுக்க சராசரியா அந்தக் கணக்குல சும்மா நிக்கணும். சம்பளத்துல வாழறவங்க பல பேருக்கு அது நிக்காது.

அப்ப ஓடி யாருக்கு? அந்தத் தம்பியோட அப்பாவுக்கு. லாரிக்காரங்க பணம் மாசாமாசம் ஒரே சீரா வராது. மொத்தமா வரும், மொத்தமா போகும். பழைய வண்டியை 4 லட்சத்துக்கு வித்துட்டு, அடுத்த வண்டி கைக்கு வர 45 நாள் ஆகுதுன்னு வைங்க. அந்த 4 லட்சம் ஓடி கணக்குல நின்னா நாளைக்கு 120 ரூபாய் வட்டி குறையும். 45 நாளைக்கு 5,400. வண்டி வந்ததும் அதே 4 லட்சத்தைத் திரும்ப எடுத்துக்கலாம். சாதாரண கடன்ல முன்கூட்டிக் கட்டின பணத்தை நினைச்சப்ப திரும்ப எடுக்க முடியாது. அதுக்குப் பயந்தே அந்த 4 லட்சம் சேமிப்புக் கணக்குல குறைஞ்ச வட்டிக்குத் தூங்கியிருக்கும். போனஸ், சீட்டுப் பணம்னு உங்களுக்கும் வருஷத்துல ஒரு தடவை பெரிய தொகை வந்து சில மாசம் சும்மா இருக்கும்னா, இதே கணக்கு உங்களுக்கும் பொருந்தும்.

சரி, தம்பியோட தப்புக்கு வரேன். ஏப்ரல்ல இருந்து அவர் ஓடில ஒரு ரூபாய்கூடப் போடல. சம்பளம் வேற கணக்குக்குப் போகுது. "லிமிட்ல இன்னும் 5 லட்சம் இடம் இருக்கே, வட்டி அதுலயே ஏறிக்கட்டும்"னு நினைச்சிருக்கார். ஏப்ரல் வட்டி 9,000 ஏறி பாக்கி 10,09,000 ஆச்சு. மே மாச வட்டி அந்த 10,09,000-க்கு, 31 நாளைக்கு 9,384. ஜூன் முடிய பாக்கி 10,27,500-ஐத் தாண்டிடும். வட்டிக்கு வட்டி.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு. லிமிட்ல இடம் இருந்தாலும், தொடர்ந்து 90 நாள் கணக்குல எந்த வரவும் இல்லைன்னாலோ, வந்த வரவு அந்த 90 நாள்ல பற்று வெச்ச வட்டிக்குப் பத்தலைன்னாலோ, அந்தக் கணக்கு வாராக்கடன். இது ரிசர்வ் வங்கி விதி. தொழிலுக்கு இல்லாம சொந்தச் செலவுக்கு எடுத்த ஓடிக்கும் இது பொருந்தும்னு 2021 நவம்பர்லயே ரிசர்வ் வங்கி தெளிவா சொல்லிடுச்சு. இஎம்ஐ இல்லைன்னா தவணைத் தேதி இல்லைன்னுதான் அர்த்தம். அந்த மூணு மாச வட்டியாவது வெளியில இருந்து உள்ள வந்தே ஆகணும்.

தம்பி என்கிட்ட வந்தப்ப 86-வது நாள். அன்னைக்கே ஆபீஸ்ல உட்கார்ந்து போன்லயே 30,000 அனுப்ப வெச்சேன். இன்னும் நாலு நாள் விட்டிருந்தா அவரோட சேர்த்து அப்பாவோட சிபில் ஸ்கோரும் அடி வாங்கியிருக்கும். அந்த மனுஷன் அடுத்து லாரி லோனுக்குப் போய் நிக்கணும்!

அப்புறம் சாங்ஷன் லெட்டரைக் கொண்டு வரச் சொல்லிப் பார்த்தேன். அதுல 'டிராப்லைன்'னு ஒரு வார்த்தை. லிமிட் 15 லட்சமாவே நிக்காது, 15 வருஷத்துக்கு மாசம் 8,333 ரூபாய் குறைஞ்சுக்கிட்டே வரும். அவர் 10 லட்சத்துலயே இருந்தா, முதல் அஞ்சு வருஷம் ஒண்ணும் தெரியாது. அறுபதாவது மாசம் லிமிட்டும் 10 லட்சத்துக்கு வந்து நிக்கும். அதுக்கப்புறம் மாசாமாசம் வட்டியோட 8,333 அசலும் சேர்த்துக் கட்டணும், இல்லைன்னா லிமிட்டைத் தாண்டிடுவார்.

இப்ப ஒவ்வொரு மாசமும் 2-ம் தேதி சம்பளக் கணக்குல இருந்து 14,000 தானா ஓடிக்குப் போற மாதிரி பேங்க்ல எழுதிக் கொடுத்திருக்கார். 10 லட்சத்துக்குப் பத்து வருஷ இஎம்ஐ போட்டிருந்தாலும் இதே வட்டில 13,750 பக்கம்தான் வந்திருக்கும். "அப்ப நான் எதுக்கு சார் ஓடி எடுத்தேன்?"னு கேட்டார். லாரி விக்கும்போது அப்பாகிட்ட கேளுங்க தம்பின்னு சொல்லி அனுப்பினேன்.