ஒரே மோட்டார், மூன்று முனைகள்

மூடப்போகும் பட்டறை ஒன்றிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். துருப்பிடித்த ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக். அதன் இரண்டு தட்டுகளில் தூசி படிந்த கருவிகள், பின்னிக்கிடக்கும் ஒயர்கள், ஓரத்தில் ஒரு பெயின்ட் டப்பா. கூடவே ஒரு செய்தி: “அண்ணே, ரெண்டு கிரைண்டர், ஒரு ஜிக்சா, ரெண்டு டிரில். எல்லாம் ஓடுற கண்டிஷன். மொத்தமா எடுத்தா கொறச்சுத் தரேன்.”

பழைய கருவி வாங்கி விற்பவருக்கு இதுபோன்ற படம் புதிதல்ல. புதிதாக வீட்டிலேயே சின்ன மரவேலை தொடங்கியவருக்கோ எல்லாமே ஒன்றுபோல்தான் தெரியும். அதற்குக் காரணமும் உண்டு. இந்த மூன்று கருவிகளுக்குள்ளும் இருப்பது ஏறக்குறைய ஒரே வகை மோட்டார்தான். கார்பன் பிரஷ் வைத்த, நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று ஓடுகிற சின்ன மோட்டார் அது. அதை மூடும் பிளாஸ்டிக் கூடு, காற்றுப் போக விட்ட துளைகள், பின்பக்கம் வெளியே வரும் ஒயர் எல்லாம் பொதுச் சொத்து. ஆகவே படத்தில் முதலில் கண்ணில் படும் பெரிய பகுதியான உடம்பு அடையாளத்துக்கு உதவாது.

நிறமும் உதவாது. மஞ்சளும் கறுப்பும் டிவால்ட், நீலப்பச்சை மக்கிட்டா, கருநீலம் போஷின் தொழில்முறை வரிசை என்று நிறத்தைக் கொண்டு கம்பெனியை ஊகிக்கலாம். ஆனால் ஒரு கம்பெனி தன் டிரில்லுக்கும் கிரைண்டருக்கும் அதே நிறத்தைத்தான் அடிக்கிறது. போதாக்குறைக்கு, பிரபலமான நிறங்களை அப்படியே பூசிக்கொண்டு வரும் போலிகளும் சந்தையில் உண்டு.

பார்க்க வேண்டிய இடம் முனை. மோட்டாரின் சுழற்சி எந்த வழியாக, எந்த அசைவாக வெளியே வருகிறது என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன. டிரில்லில் அது கியரால் வேகம் குறைந்து நேராக முன்னால் வருகிறது. ஆங்கிள் கிரைண்டரில் தொண்ணூறு டிகிரி திரும்பிப் பக்கவாட்டில் வருகிறது. ஜிக்சாவில் சுழற்சியே மறைந்து, மேலும் கீழுமான அசைவாக மாறுகிறது. மாட்டியிருக்கும் வீலோ பிட்டோ பிளேடோ கழன்றிருந்தாலும், இந்த மாற்றத்தைச் செய்யும் உறுப்பை யாரும் கழற்றி வைத்திருக்க முடியாது.

படத்துக்கு வருவோம். மேல்தட்டின் இடது ஓரத்தில் நீளமான உருளை ஒன்று படுத்திருக்கிறது. அதன் தலைப்பகுதி மட்டும் பிளாஸ்டிக் இல்லை, மங்கிய அலுமினிய வார்ப்பு. அந்த வார்ப்பை உடம்போடு பிணைக்கும் நான்கு ஸ்க்ரூக்கள் மூலைக்கொன்றாகத் தெரிகின்றன. தலையின் உச்சியில் ஒரு சின்ன பட்டன் இருக்கிறது. பக்கத்தில் மரையிட்ட ஒரு துளை, அதில் கைப்பிடி இல்லை. வீலும் இல்லை. இருந்தாலும் இது ஆங்கிள் கிரைண்டர்தான். சுழற்சியைத் திருப்பும் கூம்புப் பல்சக்கரங்களின் சூட்டையும் விசையையும் தாங்கத்தான் அந்த அலுமினியத் தலை. வீலைக் கழற்றும்போது தண்டு சுற்றாமல் பிடித்து நிறுத்தத்தான் அந்த பட்டன். பக்கத் துளை துணைக் கைப்பிடிக்கு. வலக்கைக்காரருக்கு ஒன்று, இடக்கைக்காரருக்கு ஒன்று என்று தலையின் இருபக்கமும் அது இருக்கும்.

இந்தக் கருவியை 1954இல் முதலில் சந்தைக்குக் கொண்டுவந்த ஜெர்மன் நிறுவனம் ஃப்ளெக்ஸ். அங்கே பட்டறைக்காரர்கள் இன்றும் எந்தக் கம்பெனியின் ஆங்கிள் கிரைண்டரையும் ‘ஃப்ளெக்ஸ்’ என்றே கூப்பிடுகிறார்கள்.

அடுத்து இருப்பதைத்தான் விற்பவர் இரண்டாவது கிரைண்டர் என்கிறார். வட்டமான வீல் தெளிவாகத் தெரிகிறது, கிட்டத்தட்ட அதே அளவு. ஆனால் வீலின் பாதி ஒரு தட்டையான இரும்புத் தகட்டின் வெட்டு வழியாகக் கீழே நீட்டிக்கொண்டிருக்கிறது. கைப்பிடியும் மேலே வளைந்து நிற்கிறது. இது கிரைண்டரே அல்ல, டைல்ஸ் வேலைக்காரர்கள் வைத்திருக்கும் மார்பிள் கட்டர். அந்தத் தகட்டைக் கல்லின்மேல் வைத்துத் தள்ளுவார்கள். கிரைண்டருக்கு அடித்தகடு கிடையாது, கையில் தூக்கிப் பிடித்தே வேலை செய்ய வேண்டும். வட்ட வீல் இருந்து தகடு இல்லையென்றால் கிரைண்டர் பக்கம் போங்கள். வீலும் தகடும் சேர்ந்திருந்தால் மார்பிள் கட்டராகவோ மரம் அறுக்கும் சர்க்குலர் சாவாகவோ இருக்கும்.

தகடு இருந்து வீல் இல்லாவிட்டால்? அதுதான் மேல்தட்டின் மூன்றாவது கருவி. மேலே மூடிய வளையம் போன்ற கைப்பிடி, கீழே உள்ளங்கை அளவில் தட்டையான உலோகத் தகடு. பிளேடு காணோம். இப்படி இருந்தால் ஜிக்சா என்று சொல்லத் தோன்றும். அவசரப்படக் கூடாது, உப்புத்தாள் மாட்டித் தேய்க்கும் சேண்டரும் இதே தோற்றத்தில்தான் இருக்கும். தகட்டின் முன்விளிம்பைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். சேண்டரின் அடி முழுமையான பட்டை, அதன் இரு முனைகளிலும் தாளைக் கவ்வும் கிளிப்புகள் இருக்கும். ஜிக்சாவின் தகட்டிலோ முன்பக்கம் பிளேடு இறங்குவதற்கு ஒரு பிளவு உண்டு. அதற்கு நேர்மேலே, பிளேடைக் கவ்வும் தண்டு நிற்கும் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில், பிளேடின் முதுகைத் தாங்க நடுவில் பள்ளமுள்ள குட்டி உருளை ஒன்று. படத்தில் பிளவும் உருளையும் தெரிகின்றன. ஜிக்சாதான்.

ஜிக்சா பிறந்த கதையை அறிந்தவர்கள் இந்த அமைப்பை மறக்க மாட்டார்கள். சுவிட்சர்லாந்தின் சிந்தில்லா கம்பெனியில் வேலை பார்த்த ஆல்பர்ட் காஃப்மன், 1946இல் தன் மனைவியின் தையல் மெஷினில் ஊசியை எடுத்துவிட்டு ரம்பப் பிளேடை மாட்டிப் பார்த்தார் என்பார்கள். மறு ஆண்டே ‘லெஸ்டோ’ என்ற பெயரில் கருவி விற்பனைக்கு வந்தது. அந்தக் கம்பெனி பிறகு போஷிடம் போனது. ஊசித் தண்டு, அதற்குக் கீழே தகடு, தகட்டில் ஊசி இறங்கும் துளை என்று தையல் மெஷினின் முகம் ஜிக்சாவில் இன்னும் அப்படியே இருக்கிறது.

கைப்பிடி மட்டும் ஏமாற்றும். வளையக் கைப்பிடி இல்லாமல் உடம்பையே பிடித்து ஓட்டும் ஜிக்சாக்களும் உண்டு. அவற்றைப் பக்கவாட்டில் படம் எடுத்தால் கிரைண்டரின் நீள உருளைபோலவே தெரியும். அங்கேயும் தகடுதான் காப்பாற்றும்.

கீழ்த்தட்டில் துப்பாக்கிப் பிடி கொண்ட இரண்டு. இந்தப் பிடியையும் விரலால் அழுத்தும் விசையையும் டிரில்லுக்குக் கொண்டுவந்து 1917இல் காப்புரிமை பெற்றது அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர். அதற்குப் பிறகு பிடி எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. பெயின்ட் உரிக்கும் ஹீட் கன்னுக்கும் இதே உருவம்தான். அதன் முனையில் உள்ளே வெறுமையான உலோகக் குழாய் இருக்கும். டிரில்லின் முனையில் இருப்பது சக், நடுவில் மூன்று தாடைகள் கூடும் கனமான உலோக உருளை.

இரண்டில் முதலாவதில் சக் பளிச்சென்று தெரிகிறது. விளிம்பில் பற்கள், பக்கவாட்டில் சாவி நுழையும் துளை. உடம்பின் மேற்புறம் ஒரு நகர்த்தி, அதன் ஒருபக்கம் பிட் படம், மறுபக்கம் சுத்தியல் படம். சுவரில் துளையிட அதிர்ந்து சுற்றும் இம்பாக்ட் டிரில் இது. இரண்டாவதில் சக் இல்லை. மூக்கு கூம்பிப்போய், நுனியில் கறுப்பு ரப்பர் மூடியும் அதற்குப் பின்னால் இழுக்கும் வளையமும் இருக்கின்றன. இது ரோட்டரி ஹேமர். தாடைகளால் இறுக்காமல், அடிப்பாகத்தில் பள்ளம் வெட்டிய தனி வகை பிட்டைச் செருகினால் கவ்விக்கொள்ளும். கான்கிரீட்டுக்கு அருமையான கருவி. ஆனால் வீட்டில் இருக்கும் சாதாரண டிரில் பிட் எதுவும் இதில் நேராகப் பொருந்தாது. டிரில் என்று நினைத்து வாங்குபவர் கடைக்குத் திரும்பி ஓட வேண்டியிருக்கும்.

ஆக, செய்தியில் ஐந்து கருவி சரி, பெயர்களில் இரண்டு தவறு.

பெயர் தெரிந்தபின் அளவு. கிரைண்டர் நாலு இஞ்சா, ஐந்து இஞ்சா என்பது முக்கியம், நம்மூர் நாலு இஞ்ச் வீலின் நடுத்துளை 16 மி.மீ., ஐந்து இஞ்சுக்கு 22 மி.மீ.க்குச் சற்று மேல். ஒன்றுக்கு வாங்கிய வீல் மற்றதில் உட்காராது. படத்தை வைத்தே அளக்க ஒரு வழி உண்டு. சாய்ந்து கிடக்கும் வட்டம் படத்தில் நீள்வட்டமாகச் சுருங்கும், ஆனால் அதன் நீளமான விட்டம் சுருங்குவதில்லை. கிரைண்டருக்குப் பக்கத்தில், ஏறக்குறைய அதே தூரத்தில், அளவு தெரிந்த பொருள் ஒன்று இருந்தால் போதும். 13 மி.மீ. டிரில்லின் சாவி சக் வெளிச்சுற்றில் சுமார் 43 மி.மீ. இருக்கும். போன் திரையில் சக்கின் அகலம் 6 மி.மீ., கிரைண்டர் வீலின் நீள விட்டம் 14 மி.மீ. என்றால், 14ஐ 6ஆல் வகுத்து 43ஆல் பெருக்க 100 மி.மீ. வரும். நாலு இஞ்ச். தேய்ந்த வீல் இந்தக் கணக்கைக் கெடுக்கும். எனவே வீலைவிட அதைப் பாதி சுற்றி நிற்கும் கார்டை அளப்பது நல்லது, அது தேய்வதில்லை.

நம் படத்தில் அந்தக் கார்டே இல்லை. விலை பேசுவதற்கு முன் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். சில பட்டறைகளில் நாலு இஞ்ச் மெஷினின் கார்டைக் கழற்றிவிட்டுப் பெரிய வீலை மாட்டி ஓட்டுவார்கள். நாலு இஞ்ச் மெஷின் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று ஓடும். ஏழு இஞ்ச் வெட்டு வீலோ 8,500 சுற்றுக்குத்தான் செய்யப்பட்டது. அதை 11,000இல் ஓட்டினால் விளிம்பின் வேகம் நொடிக்கு 100 மீட்டரைத் தாண்டும், வீலுக்கு விதித்த எல்லை 80 மீட்டர். சிதறினால் துண்டுகள் ஓட்டுபவரின் முகத்தை நோக்கி வரும். கார்டு இல்லாமல், மரம் அறுக்கும் பல் பிளேடு மாட்டிய கிரைண்டரைப் படத்தில் பார்த்தாலும் அதே எச்சரிக்கைதான்.

படத்தால் சொல்ல முடியாதவையும் உண்டு. கார்பன் பிரஷ் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, பேரிங் சத்தம் போடுகிறதா, சக் ஆடுகிறதா என்பதெல்லாம் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். பின்பக்கம் மட்டும் தெரியும்படி திரும்பிக் கிடக்கும் கருவியை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் அனுபவசாலிகள் இரண்டாவது படம் கேட்பார்கள்: ஒவ்வொரு கருவியையும் தனியே எடுத்து, முனை ஒரு படம், உடம்பின் பக்கவாட்டில் ஒட்டிய பெயர்த்தகடு ஒரு படம்.

அந்தத் தகட்டில் மாடல் எண்ணே பாதி வேலையை முடித்துவிடும. போஷ் கருவியானால் ஜி.டபிள்யூ.எஸ். என்று தொடங்குவது ஆங்கிள் கிரைண்டர், ஜி.எஸ்.பி. இம்பாக்ட் டிரில், ஜி.பி.எச். ரோட்டரி ஹேமர். ஜி.எஸ்.டி. என்றால் வரியல்ல, ஜிக்சா. எண் அழிந்திருந்தால் சுற்று வேகத்தைப் பாருங்கள். நிமிடத்துக்குப் பத்தாயிரத்தைத் தாண்டினால் அது டிரில் அல்ல, சாதாரண டிரில் மூவாயிரம் வாக்கில் நின்றுவிடும். ஜிக்சாவின் தகட்டில் சுற்று இருக்காது, நிமிடத்துக்கு எத்தனை முறை பிளேடு ஏறி இறங்கும் என்ற கணக்குத்தான் இருக்கும்.